சாய்ந்த கோபுரத்தைக் கோப்பாக விற்கலாமா?

தெலுக் இந்தானுக்குப் போகிறவர்கள் சாய்ந்த கோபுரத்தின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. அந்தக் கோபுரத்தையே கணினியில் முப்பரிமாண உருவமாக வரைந்து, அதன் கோப்பை இணையத்தில் விற்றால் என்ன? வாங்குபவர் ஜெர்மனியில் இருக்கலாம், பிரேசிலில் இருக்கலாம். வீட்டிலுள்ள முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அவரே அதை அச்சிட்டு, மேசை மேல் வைத்துக்கொள்வார். நீங்கள் அஞ்சலில் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. சரக்கு தேங்கிக் கிடக்கும் கவலையும் இல்லை.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், இதில் இறங்கும் மாணவர்களில் பலர் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, கணினித் திரையில் அழகாகத் தெரிந்த உருவம் வாங்கியவரின் இயந்திரத்தில் சரியாக வருவதில்லை. மற்றொன்று, விற்க உரிமை இல்லாத ஒன்றை விற்றுவிடுகிறார்கள். அல்லது தங்கள் உரிமையைத் தெரியாமலே ஊருக்குத் தாரை வார்த்துவிடுகிறார்கள். ஏனென்றால், இந்தத் தொழிலில் விற்கப்படுவது பொருள் அல்ல. ‘இது அச்சில் வரும்’ என்ற உறுதியும், ‘இதை இன்னின்னவாறு பயன்படுத்தலாம்’ என்ற அனுமதியுமே விற்கப்படுகின்றன. சாய்ந்த கோபுரத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, தொடக்கம் முதல் பணம் கைக்கு வரும் வரை பார்ப்போம்.

25.5 மீட்டர் எப்படி 12.75 சென்டிமீட்டர் ஆகிறது?

லியோங் சூன் சோங் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் 1885இல் கட்டிய கோபுரம் இது. ஊர் அப்போது தெலுக் ஆன்சன் எனப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடிகள் போலத் தெரியும். உள்ளே இருப்பவை மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டி. அதற்கு மேல் கடிகாரம். மென்மையான நிலத்தின் மீது அவ்வளவு தண்ணீரின் பாரமும் சேர்ந்ததால் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்தது. உயரம் 25.5 மீட்டர்.

இதை 200இல் ஒரு பங்காகச் சுருக்கினால் உயரம் 127.5 மில்லிமீட்டர் ஆகும். வீடுகளில் உள்ள பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் இது தாராளமாக அடங்கும். சிக்கல் உயரத்தில் இல்லை, நுணுக்கத்தில் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள ஒரு கைப்பிடிக் கம்பத்தை 200இல் ஒன்றாகச் சுருக்கினால் அரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும். சாதாரண இயந்திரத்தில் பிளாஸ்டிக் உருகி வெளிவரும் முனையின் துளையே 0.4 மில்லிமீட்டர். அதாவது அந்தக் கம்பம் ஒரே ஒரு கோடாக அச்சாகும். கை பட்டதும் ஒடிந்துவிடும். 5 சென்டிமீட்டர் கம்பி என்றால் அது அச்சிலேயே வராமல் காணாமல் போகலாம்.

எனவே அளவை அப்படியே சுருக்குவது போதாது. எதைத் தடிப்பாக்குவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதுதான் உண்மையான வடிவமைப்பு வேலை. கம்பங்களைக் குறைந்தது 1 மில்லிமீட்டராகத் தடிப்பாக்குங்கள். பத்துக் கம்பங்கள் இருக்கும் இடத்தில் ஐந்து வைத்தாலும் பார்ப்பவர் கண்ணுக்குக் கோபுரம் கோபுரமாகவே தெரியும்.

அடுத்தது, ஒவ்வொரு மாடியைச் சுற்றியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரை விளிம்பு. இயந்திரம் கீழிருந்து மேலாக அடுக்கு அடுக்காக அச்சிடுகிறது. கீழே எதுவும் இல்லாத இடத்தில் அடுக்கைப் போட்டால் பிளாஸ்டிக் தொங்கிவிடும். இதற்காகத் தற்காலிகத் தாங்கிகளை அச்சிட்டுப் பிறகு பிய்த்தெடுக்கலாம். ஆனால் பிய்த்த இடம் சொரசொரப்பாகத் தழும்பு போல நிற்கும். அதைவிட நல்ல வழி, விளிம்பின் அடிப்பக்கத்தை 45 பாகை சரிவாக வரைந்துவிடுவது. அந்தச் சரிவு வரை பெரும்பாலான இயந்திரங்கள் தாங்கி இல்லாமலே அச்சிடும். உண்மைக் கட்டடத்தில் அடிப்பக்கம் வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் மேசை மேல் நிற்கும் உருவத்தின் அடிப்பக்கத்தை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

சாய்வை எங்கே வைப்பது?

இந்தக் கோபுரத்தின் உயிரே அதன் சாய்வுதான். உங்கள் படங்களிலிருந்து நீங்கள் அளந்த சாய்வு 4 பாகை என்று வைத்துக்கொள்வோம். உருவத்தை நேராக வரைந்து முடித்து, கடைசியில் 4 பாகை சாய்த்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும்.

அப்படிச் செய்தால் இரண்டு தொல்லைகள் வரும். முதலாவது, கோபுரத்தின் அடி முழுவதும் இயந்திரத்தின் தட்டில் பதியாது. ஒரு விளிம்பு மட்டும் தொடும். அச்சு பாதியில் பெயர்ந்து விழும். அடியைச் சமமாக வெட்டி இதைச் சரிசெய்துவிடலாம். இரண்டாவது தொல்லை அவ்வளவு எளிதில் போகாது. ஓர் அடுக்கின் தடிப்பு 0.2 மில்லிமீட்டர். கிட்டத்தட்டத் தட்டையான ஒரு பரப்பு 4 பாகை சாய்ந்திருந்தால், ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு ஒரு முறை ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும். வயல் வரப்பைப் போல அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியும். தட்டையான பரப்பு உள்ள ஒவ்வொரு மாடியிலும் இந்த வரிகள் விழும்.

தீர்வு இதுதான்: கோபுரத்தை நேராகவே அச்சிட வையுங்கள், சாய்வைப் பீடத்திற்குக் கொடுங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் ஆப்பு வடிவப் பீடம் ஒன்றைத் தனியாக வரையுங்கள். அந்தப் பீடத்தின் சரிவான மேற்பரப்பு இயந்திரத்தின் தட்டில் படும்படி, அதாவது தலைகீழாக, அச்சிடச் சொல்லுங்கள். அப்போது மேற்பரப்பு வழவழப்பாக வரும். படிகள் எல்லாம் மேசையைத் தொடும் அடிப்பக்கத்துக்குப் போய் மறைந்துவிடும். பீடத்திலும் கோபுரத்தின் அடியிலும் 6 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டிரண்டு துளைகள் வைத்து, 5.7 மில்லிமீட்டர் முளைகளால் இணைக்கலாம். 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இல்லையென்றால் முளை உள்ளே போகாது. அச்சில் பிளாஸ்டிக் சற்றுப் பிதுங்கும். துளை ஒன்றுக்கு இரண்டாக இருப்பதால் கோபுரம் பீடத்தின் மேல் சுழலாது.

இந்த ஒரு முடிவுதான் வாங்குபவர் பணம் கொடுப்பதற்கான காரணம். கோபுரத்தின் படம் இணையத்தில் எங்கும் கிடைக்கும். சிக்கல் எதுவும் இல்லாமல் அச்சாகும் கோபுரம் எளிதில் கிடைக்காது.

எந்தக் கோப்பைக் கொடுப்பது?

முப்பரிமாண அச்சில் எல்லாரும் அறிந்த கோப்பு வகை எஸ்.டி.எல். பெயரின் முடிவில் `.stl` என்று இருக்கும். 1980களின் பிற்பகுதியில் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இது உருவத்தின் மேற்பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து எழுதிவைக்கிறது. அவ்வளவுதான். நிறம் பற்றி முறையான பதிவு கிடையாது. இந்த முக்கோணங்கள் மில்லிமீட்டரா, அங்குலமா, மீட்டரா என்ற குறிப்பும் கிடையாது.

இந்தக் கடைசிக் குறைதான் ஆளைக் கவிழ்க்கும். பிளெண்டர் மென்பொருளில் இயல்பான அலகு மீட்டர். அதில் கோபுரத்தை 0.1275 மீட்டராக வரைந்து அப்படியே எஸ்.டி.எல். கோப்பாக்கினால், கோப்பில் 0.1275 என்ற எண் மட்டுமே போகும். அச்சுக்குத் தயார்படுத்தும் ஸ்லைசர் மென்பொருள் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். வாங்குபவர் திரையில் கோபுரத்தைத் தேடினால் ஒரு தூசிதான் இருக்கும். கோப்பை வெளியே எடுக்கும்போது 1000 மடங்கு பெரிதாக்கினால் சரியாகிவிடும். ஆனால் விற்பதற்கு முன் அதே கோப்பை நீங்களே ஸ்லைசரில் திறந்து, உயரம் 127.5 மில்லிமீட்டர் என்று காட்டுகிறதா என்று பார்த்தால்தான் இந்தப் பிழை தெரியவரும்.

3எம்.எஃப். என்ற புதிய வகை 2015இல் வந்தது. `.3mf` என்று முடியும். இதில் அலகும் நிறமும் பதிவாகும். எந்தப் பாகத்தை எந்தப் பக்கமாக வைத்து அச்சிடுவது என்பதையும் சேர்த்தே அனுப்பலாம். நம் பீடத்தைத் தலைகீழாக அச்சிட வேண்டும் அல்லவா? எஸ்.டி.எல். மட்டும் கொடுத்தால், வாங்குபவர் விளக்கத்தைப் படிக்காமல் நேராக வைத்துவிடும் வாய்ப்பு உண்டு. 3எம்.எஃப். கொடுத்தால் பாகங்கள் சரியான நிலையில் திறக்கும். ஆகவே இரண்டையும் கொடுப்பதே முறை: புதிய மென்பொருள் வைத்திருப்பவருக்கு 3எம்.எஃப்., பழைய மென்பொருள் வைத்திருப்பவருக்கு எஸ்.டி.எல்.

`.step` என்று முடியும் இன்னொரு வகையும் உண்டு. அது முக்கோணங்களாக இல்லாமல், வரைபடத்தின் உண்மையான வளைவுகளையும் பரப்புகளையும் வைத்திருக்கும். வாங்குபவர் அதைத் திறந்து அளவுகளை எளிதாக மாற்றலாம். பெட்டி, கொக்கி போன்ற பயன்பாட்டுப் பொருள்களுக்கு இது நல்லது. ஆனால் அதைக் கொடுப்பது சமையல் குறிப்பையே கொடுப்பதற்குச் சமம். கோபுரத்தைப் பொறுத்தவரை கொடுக்கத் தேவையில்லை.

இன்னொரு பிழையையும் சொல்லியாக வேண்டும். கூரை விளிம்பை ஒரு வளையமாக வரைந்து சுவருக்குள் செருகினால், திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கோப்பிலோ சுவரின் பரப்பு வளையத்துக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருக்கும். எது உள், எது வெளி என்று ஸ்லைசர் குழம்பி, சில அடுக்குகளை விட்டுவிடலாம். எல்லாப் பாகங்களையும் ஒரே திண்ம உருவமாக ஒன்றிணைத்த பிறகே கோப்பை வெளியே எடுங்கள். பிறகு ஸ்லைசரின் அடுக்குக் காட்சியில் கீழிருந்து மேல் வரை நகர்த்திப் பாருங்கள். 127.5 மில்லிமீட்டரை 0.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 638 அடுக்குகள். ஓட்டையும் விடுபட்ட அடுக்கும் அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகு ஒரு முறையாவது உண்மையாக அச்சிட்டு, அந்தப் படத்தையே விற்பனைப் பக்கத்தில் போடுங்கள். கணினியில் மெருகேற்றிய படத்தைவிட, அச்சில் வந்த உருவத்தின் படத்தையே அனுபவமுள்ளவர்கள் நம்புவார்கள்.

கோபுரம் யாருடையது?

உரிமை பற்றிய கேள்வி இரண்டு பக்கமும் வெட்டும். முதலில், இந்தக் கோபுரத்தை உருவமாக்கி விற்க நமக்கு உரிமை உண்டா? மலேசியாவில் பதிப்புரிமை என்பது படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். 1885இல் எழுந்த கட்டடம் அந்த எல்லையைத் தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. அதோடு, பொது மக்கள் பார்க்கும் இடத்தில் நிலையாக உள்ள கலைப் படைப்பின் நகலை எடுக்கவும் பரப்பவும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு இடம் தருகிறது. கோபுரத்தால் தடை இல்லை.

ஆனால் கோபுரத்தைப் பற்றி மற்றவர்கள் படைத்தவை வேறு. இன்னொருவர் எடுத்த புகைப்படம் அவருடையது. இன்னொருவர் வரைந்த முப்பரிமாண உருவம் அவருடையது. எனவே படங்களை நீங்களே போய் எடுங்கள். பீடத்தில் ஒரு மரம் வைத்தால் நன்றாக இருக்குமே என்று திங்கிவர்ஸ் போன்ற தளத்திலிருந்து இலவச மரத்தை எடுத்து ஒட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அந்த மரத்தின் உரிமத்தில் `CC BY-NC` என்று இருந்தால், வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பொருள். அந்த ஒரு மரத்தால் முழுக் கோபுரத்தையும் விற்க முடியாமல் போகும். `ND` என்று இருந்தால் மாற்றியமைத்து வெளியிடவே கூடாது. `SA` என்று இருந்தால் விற்கலாம். ஆனால் உங்கள் கோபுரத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். அப்போது ஒருவர் காசு கொடுத்து வாங்கி, மற்ற எல்லாருக்கும் சும்மா கொடுத்தாலும் நீங்கள் கேட்க முடியாது.

அடுத்த பக்கம், உங்கள் உரிமையை மற்றவர் எடுப்பது. 2016இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த லூயிஸ் டிரிகர்ஸ் என்ற வடிவமைப்பாளர் திங்கிவர்ஸ் தளத்தில் தம் டிராகன் உருவத்தை இலவசமாகப் பகிர்ந்திருந்தார். வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி தரவில்லை. ஈபே தளத்தில் ஒரு விற்பனையாளர் அதையும் பிற வடிவமைப்பாளர்களின் உருவங்களையும் அச்சிட்டுத் தருவதாக, அவர்களுடைய படங்களோடு பட்டியலிட்டிருந்தார். தளத்தில் ஏற்றியதுமே அவை பொதுச் சொத்தாகிவிட்டன என்பது அவரது வாதம். டிரிகர்ஸ் சோக முகம் ஒன்றை உருவமாக வரைந்து, நடந்ததை அதன் விளக்கமாக எழுதித் திங்கிவர்ஸிலேயே வெளியிட்டார். வடிவமைப்பாளர்கள் திரண்டனர். அந்தப் பட்டியல்கள் ஈபேயிலிருந்து அகன்றன. என்ன உரிமம் என்று அவர் முன்பே தெளிவாகக் குறித்திருந்ததுதான் அவருக்குக் கை கொடுத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீங்களே `CC BY` என்ற உரிமத்தில் கோபுரத்தை ஒரு முறை இலவசமாக ஏற்றிவிட்டால், பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் அதை விற்கலாம். பிறகு நீங்கள் மனம் மாறி நீக்கினாலும், ஏற்கெனவே பதிவிறக்கியவருக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. ‘முதலில் இலவசமாகப் போட்டுப் பார்ப்போம், பிறகு விற்போம்’ என்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

விற்பனைக்குப் பொதுவாக இரண்டு உரிமங்களை வைக்கலாம். ஒன்று, சொந்தப் பயன்பாட்டுக்கு: வாங்கியவர் தமக்கும் பரிசாகக் கொடுக்கவும் அச்சிடலாம், கோப்பைப் பகிரவும் அச்சிட்ட உருவத்தை விற்கவும் கூடாது. மற்றொன்று, வணிக உரிமம்: நினைவுப்பொருள் கடைக்காரர் அச்சிட்டு விற்கலாம், கோப்பை மட்டும் எவருக்கும் தரக்கூடாது. இதைச் சட்ட மொழியில் எழுத வேண்டியதில்லை. ‘என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது’ என்று நான்கு வரிகளில் எழுதி, கோப்போடு சேர்த்து வைத்தால் போதும்.

மூன்று டாலரில் மிஞ்சுவது எவ்வளவு?

சந்தைத் தளங்கள் கமிஷன் எடுக்கும் முறை ஒன்று போல இருப்பதில்லை. பிரான்சைச் சேர்ந்த கல்ட்ஸ் தளம் விற்பனை விலையில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு 80 விழுக்காட்டை வடிவமைப்பாளருக்குத் தருவது வழக்கம். கம்ரோட் போன்ற தளங்களில் 10 விழுக்காட்டோடு ஒவ்வொரு விற்பனைக்கும் 50 சென்ட் என்ற நிலையான கட்டணமும் உண்டு. எது மலிவு? கேட்டதும் 10 விழுக்காடு என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கோபுரத்தின் விலை 1 டாலர் என்றால், முதல் முறையில் 20 சென்ட் போகும். இரண்டாம் முறையில் 10 சென்ட்டும் 50 சென்ட்டும் சேர்ந்து 60 சென்ட் போகும். பாதிக்கு மேல் தளத்துக்கே. விலை 3 டாலர் என்றால் முதலாவதில் கைக்கு வருவது 2 டாலர் 40 சென்ட், இரண்டாவதில் 2 டாலர் 20 சென்ட். 5 டாலரில் இரண்டும் சமம்: எங்கே விற்றாலும் 4 டாலர். அதற்கு மேல் போனால்தான் இரண்டாம் முறை லாபம். 15 டாலருக்கு வணிக உரிமம் விற்றால் முதலாவதில் 12 டாலர், இரண்டாவதில் 13 டாலர். எனவே மலிவான கோப்புகளை விழுக்காடு மட்டும் எடுக்கும் இடத்திலும், விலை கூடிய உரிமங்களை மற்ற இடத்திலும் வைப்பது கணக்குக்குச் சரிவரும்.

இந்தக் கணக்கு கமிஷனை மட்டும் பார்ப்பது. அட்டைக் கட்டணம், வாங்குபவர் நாட்டின் வரி, தளமே தேடிக் கொண்டுவந்த வாடிக்கையாளருக்குக் கூடுதல் கமிஷன் என்று தளத்துக்குத் தளம் வேறு பிடித்தங்கள் உண்டு. டாலரை ரிங்கிட்டாக மாற்றும்போது பேபால் போன்ற சேவைகளும் ஒரு பங்கு எடுக்கும். சின்னச் சின்னத் தொகையாக எடுக்காமல் சேர்த்துவைத்து ஒரே முறையில் எடுப்பது நல்லது. விதிகளும் அவ்வப்போது மாறும். கணக்குத் திறக்கும் நாளில் தளத்தின் கட்டணப் பக்கத்தைப் படித்து, இதே கணக்கை மீண்டும் போடுங்கள். பேபால் கணக்குத் திறக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பெற்றோரிடம் பேசி, அவர்கள் பெயரில் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்போது வருமானத்தைப் பார்ப்போம். கோபுரத்தை வரைந்து, சோதித்து, அச்சிட்டுச் சரிபார்க்க 40 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 3 டாலர் விலையில் 30 பேர் வாங்கினால் கையில் 72 டாலர். மணிக்கு 1 டாலர் 80 சென்ட். சம்பளம் என்று சொல்ல முடியாது. இதே கோப்பில் கூரை விளிம்பு தொங்கி, நான்கு பேர் புகார் எழுதினால் அந்த 30கூட வராது. ஒழுங்காக அச்சாகி, மூன்று ஆண்டுகள் கழித்தும் யாரோ ஒருவர் வாங்கினால், அந்த 40 மணி நேரத்தோடு ஒரு நிமிடம்கூடச் சேராமல் பணம் மட்டும் சேரும். கமிஷனில் 20 சென்ட் மிச்சம் பிடிப்பதைவிட, 638 அடுக்குகளையும் ஒரு முறை நகர்த்திப் பார்ப்பதில்தான் அதிகப் பணம் இருக்கிறது.

அடுத்த விடுமுறையில் தெலுக் இந்தான் பக்கம் போனால், கோபுரத்தை ஒரே கோணத்தில் படம் எடுத்துவிட்டு வராதீர்கள். நான்கு பக்கமும் நடந்து, கைப்பேசியைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுங்கள். சாய்வை அளக்க அந்தப் படங்கள் வேண்டும்.